குழாய் இணைப்பு இல்லாத சமையலறையில் டிஷ்வாஷர்: தண்ணீர் எப்படி உள்ளே வருகிறது, எப்படி வெளியேறுகிறது?

மும்பை: சமையல் மேடையின் மீது வைத்துப் பயன்படுத்தக்கூடிய சிறிய பாத்திரம் கழுவும் இயந்திரங்களுக்குக் குழாய் இணைப்போ, சுவரில் துளையிட்ட வடிகாலோ தேவையில்லை. ஒரு குவளையால் தண்ணீர் ஊற்றினால் போதும். கழிவுநீரை ஒரு வாளி வாங்கிக்கொள்ளும். வாடகை வீட்டிலும் ஒற்றை அறையிலும் வசிப்பவர்களை இவ்வகை இயந்திரம் ஈர்ப்பதற்கு இதுவே காரணம். ஆனால், குழாயும் வடிகாலும் செய்யும் வேலையை இங்கே வீட்டில் இருப்பவரே செய்ய வேண்டியிருக்கிறது. அதில் சிறு பிழை நேர்ந்தாலும் ஐந்து லிட்டர் அழுக்குநீர் அறையின் தரையில் பரவிவிடும்.

மும்பையின் பழைய 'சால்' குடியிருப்புகளை எடுத்துக்கொள்ளலாம். நீண்ட நடைக்கூடத்தை ஒட்டி வரிசையாக அமைந்த ஒற்றை அறைகள் அவை. சமையல், உணவு, உறக்கம் எல்லாம் அந்த ஓர் அறையிலேயே நடக்கும். அறையின் ஒரு மூலையில் 'மோரி' என அழைக்கப்படும் சிறு கழுவுமிடம் இருக்கும். அதன் தரையில் வடிகால் துளை உண்டு. மாநகராட்சித் தண்ணீர் நாளில் சில மணி நேரம் மட்டுமே வருவதால், அதை டிரம்களில் பிடித்து வைத்துக்கொள்வது வழக்கம். அடுப்பு மேடைக்கு அருகில் குழாய் இருக்காது. அத்தகைய அறையில், மேடையின் மீது ஒரு சிறிய இயந்திரத்தை வைத்து இரண்டு பேரின் இரவு உணவுப் பாத்திரங்களைக் கழுவுவதாகக் கொண்டு, தண்ணீரின் பயணத்தைத் தொடக்கத்தில் இருந்து பார்ப்போம்.

உள்ளே வரும் ஐந்து லிட்டர்

பெரிய டிஷ்வாஷரில், குழாயில் இருந்து வரும் தண்ணீரை மின்சார வால்வு ஒன்று திறந்து மூடுகிறது. சிறிய இயந்திரத்திலோ, உடலுக்குள்ளேயே ஒரு நீர்த்தொட்டி அமைந்துள்ளது. பெரும்பாலான மாதிரிகளில் அதன் கொள்ளளவு சுமார் 5 லிட்டர். மேற்பகுதியில் உள்ள மூடியைத் திறந்து குவளையால் ஊற்ற வேண்டும். இரண்டு லிட்டர் குவளை என்றால் இரண்டரை முறை ஊற்ற வேண்டியிருக்கும்.

தொட்டி நிரம்பியதை உள்ளே இருக்கும் சிறு மிதவையோ உணரியோ கண்டறிந்து, ஒலி எழுப்பியோ விளக்கை எரியவிட்டோ தெரிவிக்கும். இங்கேதான் பலர் முதல் தவறைச் செய்கின்றனர். இயந்திரத்துக்கு மின்சாரம் கொடுத்து இயக்கிய பிறகே இந்த உணரி வேலை செய்யும். சுவிட்சைப் போடாமல் தண்ணீர் ஊற்றினால் ஒலி வராது. ஊற்றுபவரும் நிறுத்த மாட்டார். மிகுதியான நீர் வழிந்து இயந்திரத்தின் அடித்தட்டில் தேங்கிவிடும். ஆகவே முதலில் மின் இணைப்பு, பிறகு தண்ணீர் என்ற வரிசையைப் பின்பற்ற வேண்டும். ஊற்றும்போது மின்செருகியின் பக்கம் நீர் சிந்தாதவாறு இயந்திரத்தின் இடத்தையும் தேர்ந்தெடுக்க வேண்டும்.

தொட்டியில் வெந்நீர் ஊற்றினால் நேரம் மிச்சமாகும் என்று சிலர் கருதுவதுண்டு. கையேடு வெளிப்படையாக அனுமதிக்காவிட்டால் அதைத் தவிர்ப்பதே நல்லது. தண்ணீரைச் சூடாக்கும் வேலையை இயந்திரமே செய்துகொள்ளும். தொட்டியும் அதன் ரப்பர் இணைப்புகளும் கொதிநீருக்காக வடிவமைக்கப்பட்டவை அல்ல.

சில மாதிரிகளில் தொட்டியோடு, விரும்பினால் குழாயில் நேரடியாக இணைத்துக்கொள்ளும் வசதியும் உள்ளது. அப்போது நீரழுத்தம் போதுமா என்பதைப் பார்க்க வேண்டும். இயந்திரத்தின் விவரப் பட்டியலில் குறைந்தபட்ச அழுத்தம் பெரும்பாலும் 0.04 MPa எனக் குறிக்கப்பட்டிருக்கும். ஏறத்தாழ 4 மீட்டர் உயரத்தில் உள்ள தண்ணீர் தரும் அழுத்தத்துக்கு அது சமம். மொட்டைமாடித் தொட்டிக்கு நேர் கீழே உள்ள மேல்தள வீட்டில் இந்த உயரம் கிடைப்பதில்லை. அங்கே குழாய் இருந்தும் இயந்திரம் தண்ணீர் வரவில்லை என நின்றுவிடும். கையால் ஊற்றும் தொட்டிக்கு இந்தச் சிக்கல் இல்லை.

ஐந்து லிட்டர் எப்படிப் போதுமானதாகிறது?

தொட்டியில் உள்ள தண்ணீர் முழுவதும் ஒரே நேரத்தில் பாத்திரங்களின் மீது பாய்வதில்லை. முன்கழுவல், சோப்புடன் கூடிய முதன்மைக் கழுவல், அலசல், இறுதியாகச் சூடான அலசல் என நான்கு கட்டங்கள் கொண்ட ஒரு சுற்றில், ஒவ்வொரு கட்டத்துக்கும் சுமார் 1.25 லிட்டர் மட்டுமே கழுவறைக்குள் இறங்கும். அந்தச் சிறு அளவு நீர் அடியில் உள்ள குழியில் சேர்கிறது. அங்கிருந்து சுழற்சிப் பம்ப் அதை உறிஞ்சி, துளைகள் கொண்ட தெளிப்புக் கைக்கு அனுப்புகிறது. துளைகளில் இருந்து சாய்வாகப் பீறிடும் நீரின் எதிர்விசையாலேயே அந்தக் கை சுழல்கிறது. அதற்கெனத் தனி மோட்டார் கிடையாது. பாத்திரங்களில் பட்டு வழியும் நீர், வடிகட்டியின் வழியாக மீண்டும் குழிக்கு வந்து, மீண்டும் மேலே செல்கிறது. ஒரே தண்ணீர் ஒரு கட்டத்தில் பலமுறை பாத்திரங்களைக் கழுவுகிறது.

இதில் இருந்து இரண்டு செய்திகள் கிடைக்கின்றன. முதலாவது, சூடேற்றுவது எளிது. 900 வாட் சூடேற்றி 1.25 லிட்டர் நீரை 25 பாகையில் இருந்து 60 பாகை செல்சியசுக்கு உயர்த்த, கணக்கின்படி ஏறத்தாழ மூன்றரை நிமிடம் போதும். பாத்திரங்களும் உட்சுவரும் வெப்பத்தை உறிஞ்சுவதால் நடைமுறையில் இன்னும் சற்று நேரமாகும்.

இரண்டாவது செய்தி எச்சரிக்கை. நீர் குறைவாக இருப்பதால் அது விரைவாக அழுக்காகும். தட்டில் ஒட்டிய சோறும் பருப்பும் முதல் கட்டத்திலேயே நீரைக் கூழாக்கிவிடும். வடிகட்டி அடைபட்டால் பம்புக்குத் தண்ணீர் கிடைக்காது. தெளிப்புக் கை சுழலாது. பாத்திரங்கள் மேலே ஈரமாகவும் உள்ளே அழுக்காகவும் வெளிவரும். எனவே மிச்ச உணவைக் குப்பையில் வழித்துப் போட்ட பிறகே தட்டுகளை அடுக்க வேண்டும். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் வடிகட்டியைக் கழற்றி அலச வேண்டும். தொடங்கும் முன்பு தெளிப்புக் கையை விரலால் ஒருமுறை சுற்றிப் பார்ப்பதும் பயன்தரும். கரண்டியின் காம்பு தடுத்தால் அப்போதே தெரிந்துவிடும்.

சோப்பின் அளவும் இந்தக் கணக்கைச் சார்ந்ததே. கடைகளில் விற்கப்படும் மாத்திரைகள், ஒரு கட்டத்துக்கு இதைவிடப் பன்மடங்கு தண்ணீர் எடுக்கும் பெரிய இயந்திரங்களுக்காகத் தயாரிக்கப்பட்டவை. முழு மாத்திரை இங்கே கரைந்து முடியாமல் தங்கிவிடும். டம்ளரில் சோப்பு வாடை மிஞ்சும். கையேடு சொல்லும் அளவுக்குச் சிறு கரண்டி டிஷ்வாஷர் தூள் இடுவதே ஏற்றது. கையால் பாத்திரம் தேய்க்கும் திரவத்தை ஒருபோதும் ஊற்றக்கூடாது. அதன் நுரை பம்புக்குள் புகுந்து நீரோட்டத்தைக் குலைக்கும். கதவின் விளிம்பு வழியாகவும் வெளியே கசியும்.

பம்ப் ஒரு கதவு அல்ல

ஒவ்வொரு கட்டமும் முடியும்போது, இரண்டாவது பம்ப் ஒன்று குழியில் உள்ள அழுக்குநீரைக் கழிவுநீர்க் குழாய் வழியாக வெளியே தள்ளுகிறது. நான்கு கட்டம் என்றால் நான்கு முறை வெளியேற்றம் நடக்கும். கழிவுநீர்த் தொட்டி கழுவும் தொட்டியாக இருந்தால், குழாயின் முனையை அதன் விளிம்பில் மாட்டிவிட்டு மறந்துவிடலாம். சால் அறையில் மேடை சுமார் 80 செ.மீ. உயரத்தில் இருக்க, வாளியோ மோரியோ தரைமட்டத்தில் இருக்கிறது. சிக்கல் இந்த உயர வேறுபாட்டில்தான் தொடங்குகிறது.

வெளியேற்றும் பம்ப் என்பது உள்ளே சிறு இறக்கைகள் சுழலும் ஓர் அறை மட்டுமே. அது நின்றுவிட்டால் நீரின் பாதை அடைபடுவதில்லை. குழாய் இயந்திரத்தில் இருந்து நேராகக் கீழே தொங்கினால், அடுத்த கட்டத்துக்காகக் குழியில் இறங்கும் புதிய நீரும், பம்ப் ஓடாமலேயே, தன் எடையால் அந்த வழியில் வாளிக்குள் வடிந்துவிடும். பெரும்பாலான இயந்திரங்களில் இதைத் தடுக்க, கழிவுநீர்ப் பாதை உள்ளுக்குள்ளேயே நீர்மட்டத்தைவிட உயரமாக ஏறி வளைந்து இறங்குமாறு அமைக்கப்பட்டிருக்கும். பம்ப் ஓடும்போது மட்டுமே நீர் அந்த வளைவைத் தாண்டும். உள்வளைவு இல்லாத மாதிரிகளில் வெளியே செல்லும் குழாயை அதே போல உயர்த்திக் கட்டுமாறு கையேடு சொல்லும்.

நீர் இவ்வாறு தானாக வடிகிறதா என்பதை எளிதில் அறியலாம். கழுவும் ஓசை கேட்டுக்கொண்டிருக்கும் வேளையில் குழாயின் முனையைப் பார்க்க வேண்டும். அப்போது அங்கே நீர் சொட்டாமல் இருக்க வேண்டும். மெல்லிய இழையாக நீர் ஓடிக்கொண்டிருந்தால், அல்லது குழாயில் இடைவிடாமல் களகள ஒலி கேட்டால், தொட்டியில் ஊற்றிய நீர் கழுவாமலேயே வெளியேறுகிறது என்று பொருள். சிறிது நேரத்தில் இயந்திரம் தண்ணீர் போதவில்லை என்ற பிழைக் குறியீட்டைக் காட்டி நிற்கும். பல மாதிரிகளில் அது E1 எனத் தோன்றும்; நிறுவனத்துக்கு நிறுவனம் இது மாறுபடும். தண்ணீர் ஊற்றியும் 'தண்ணீர் இல்லை' என்கிறதே எனப் பழுதுபார்ப்பவரை அழைக்கும் முன்பு, குழாயைச் சற்று உயர்த்திக் கட்டிப் பார்த்தால் பல நேரங்களில் காரணம் விளங்கிவிடும்.

குழாயின் முனை எங்கே இருக்க வேண்டும்?

முனை வாளியின் விளிம்புக்குக் கீழே, ஆனால் வாளியில் சேரும் நீரின் மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். அது நீரில் மூழ்கினால் இரண்டு கேடுகள் உண்டு. வாளியின் அடியில் படியும் உணவுத் துகள்கள் முனையை அடைக்கக்கூடும். மேலும், வாளியை முக்காலியின் மீதோ மேடையின் மீதோ இயந்திரத்தின் மட்டத்துக்கு ஏற்றி வைத்திருந்தால், அதன் அழுக்குநீர் அதே குழாய் வழியாகத் திரும்பி உள்ளே வர வாய்ப்புண்டு. ஆகவே வாளி எப்போதும் இயந்திரத்தின் அடிப்பகுதியைவிடத் தாழ்வான இடத்தில் இருப்பதே முறை.

முனையைக் கட்டி வைப்பதும் அதே அளவு அவசியம். பம்ப் இயங்கும் கணத்தில் குழாய் துள்ளும். வெறுமனே உள்ளே விடப்பட்ட முனை வாளியை விட்டு வெளியே குதித்துவிட்டால், எஞ்சிய கட்டங்களின் நீர் முழுவதும் தரையில் கொட்டும். பாய் விரித்துப் படுக்கும் அறையில் அது சிறு தொல்லை அல்ல. பழைய கட்டடங்களில் அந்த ஈரம் கீழ்வீட்டுக் கூரை வரை இறங்கி, அண்டை வீட்டாருடன் மனவருத்தத்தில் முடியலாம். துணி உலர்த்தும் கிளிப் இரண்டும் ஒரு கயிறும் இதைத் தவிர்த்துவிடும். குழாய் மோரி வரை எட்டினால் வாளியே தேவையில்லை. ஆனால், எட்டவில்லை என்பதற்காக நீளமான துண்டை ஒட்டுப்போட்டு இணைப்பதைக் கையேடுகள் பொதுவாக அனுமதிப்பதில்லை. இணைப்புகள் கசியும், நீளம் கூடக்கூட பம்பின் சுமையும் கூடும்.

வாளியின் அளவைக் கணக்கிடுவது எளிது. உள்ளே சென்ற 5 லிட்டரில் சிறிதளவு ஆவியாகவும், பாத்திரங்களில் ஒட்டிய ஈரமாகவும் குறையும். ஏறத்தாழ மீதி அனைத்தும் வெளியே வரும். 10 லிட்டர் வாளி ஒரு சுற்றுக்குத் தாராளமாகப் போதும். காலையில் ஓடிய சுற்றின் நீரைக் கொட்ட மறந்து இரவில் மீண்டும் இயக்கினால், வாளி விளிம்பு வரை நிரம்பி வழியக்கூடும். இயந்திரத்துக்குத் தன் தொட்டி நிரம்பியது தெரியும். தரையில் இருக்கும் வாளி நிரம்பியது தெரியாது. எனவே தொடக்கப் பொத்தானை அழுத்துவதற்கு முன் வாளி காலியாக இருக்கிறதா எனப் பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். கடைசியாக வரும் நீர் சூடான அலசலின் நீர்; அது 60 பாகையை ஒட்டிய வெப்பத்துடன் வெளியேறலாம். குழந்தைகள் நடமாடும் இடத்தில் அந்த வாளி இருக்கக் கூடாது. ஆறிய பிறகே அதைத் தூக்க வேண்டும்.

இடையில் நின்றுவிட்டால்

மின்சாரம் போய் மீண்டும் வந்தால், பல இயந்திரங்கள் விட்ட இடத்தில் இருந்து தொடரும். சில மாதிரிகளில் திட்டத்தை நீக்கிவிட்டு மீண்டும் தொடங்க வேண்டியிருக்கும். அப்போது கவனம் தேவை. நீக்கும்போது குழியில் இருந்த நீர் வாளிக்குச் சென்றுவிடுகிறது. தொட்டியிலோ மிச்ச நீர் மட்டுமே இருக்கிறது. அதைக் கொண்டு முழுச் சுற்றையும் முடிக்க இயலாது. தொட்டியை மீண்டும் நிரப்பிய பிறகே தொடங்க வேண்டும். வாளியையும் காலி செய்தாக வேண்டும்.

அடித்தட்டில் நீர் தேங்கினால் அங்குள்ள மிதவை மேலெழுந்து இயந்திரத்தை நிறுத்தி, வெளியேற்றும் பம்பை இயக்கும். பல மாதிரிகளில் இது E4 எனக் காட்டப்படும். பொத்தான்களை மாறிமாறி அழுத்துவதால் இது மறையாது. மின்செருகியைக் கழற்றிவிட்டு, தொட்டி மிகையாக நிரப்பப்பட்டதா, நுரை பொங்கியதா, கதவின் ரப்பர் விளிம்பில் ஏதேனும் சிக்கியுள்ளதா என ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். இவற்றில் எதுவும் இல்லையெனில் உள்ளே கசிவு இருக்கிறது. அதைப் பழுதுபார்ப்பவரிடம் விடுவதே பாதுகாப்பு.

சுற்று முடிந்த பிறகு அடிக்குழியில் சிறிதளவு நீர் நிற்பது பழுது அல்ல. பம்பால் கடைசிச் சொட்டு வரை இழுக்க இயலாது. ஆனால், ஊருக்குச் செல்லும் முன் தொட்டியிலும் குழியிலும் எஞ்சிய நீரை அகற்றி, கதவைச் சற்றே திறந்து வைக்க வேண்டும். மழைக்காலத்தில் மூடியே கிடந்தால் சில நாட்களில் துர்நாற்றம் தொற்றிக்கொள்ளும்.

எந்தத் தண்ணீரை ஊற்றுவது?

மும்பைக்கு ஏரிகளில் இருந்து வரும் குடிநீரில் உப்புக் குறைவு. அதே இயந்திரத்தைப் பெங்களூருவிலோ ஹைதராபாத்திலோ, ஆழ்துளைக் கிணற்றையும் லாரித் தண்ணீரையும் நம்பியுள்ள ஒரு வீட்டில் வைத்தால் விளைவு வேறாக இருக்கும். கடினநீரைச் சூடாக்கும்போது அதில் உள்ள கால்சியம் சுண்ணாம்பாகப் படிகிறது. டம்ளர்களில் வெண்படலம் தெரிவது முதல் அடையாளம். அதே படிவு கண்ணுக்குத் தெரியாமல் சூடேற்றியிலும் தெளிப்புக் கையின் துளைகளிலும் சேர்கிறது.

இந்தியத் தர நிர்ணய அமைப்பின் குடிநீர்த் தரநிலையான ஐ.எஸ். 10500, மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு நீராதாரம் இல்லாத இடங்களில் 600 மில்லிகிராம் வரை அனுமதிக்கலாம் என்றும் வகுத்துள்ளது. குடிப்பதற்கு அனுமதிக்கப்படும் அந்த மேல்எல்லை, டிஷ்வாஷருக்கு மிகக் கடினமான நீராகும்.

பெரிய இயந்திரங்களில் நீரை மென்மையாக்க உப்பு இடும் தனி அறை உண்டு. கையால் நிரப்பும் சிறிய மாதிரிகள் பலவற்றில் அது கிடையாது. அந்த அறை இல்லாத இயந்திரத்தின் கழுவறையில் உப்பைக் கொட்டுவதால் நன்மை எதுவும் இல்லை, உலோகம் அரிக்கும். வீட்டில் உள்ள ஆர்.ஓ. சுத்திகரிப்பானின் கழிவுநீரைச் சேமித்து இதில் ஊற்றலாமே என்ற எண்ணமும் எழக்கூடும். தரை துடைக்க அது உதவும், இங்கே ஊற்றக்கூடாது. நீக்கப்பட்ட உப்புகள் எல்லாம் அதில்தான் செறிந்திருக்கின்றன. சுத்திகரித்த நீரைக் கலந்து ஊற்றுவதும், படலம் தென்படும்போது பாத்திரங்கள் இல்லாமல் சிட்ரிக் அமிலத்தூள் இட்டு ஒரு சூடான சுற்று ஓட்டுவதும் நடைமுறைக்கு ஏற்றவை.

எது மிச்சமாகும், எது ஆகாது?

நிமிடத்துக்கு 6 லிட்டர் கொட்டும் குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் தேய்ப்பவர், இந்த இயந்திரம் ஒரு சுற்றில் எடுக்கும் நீரை ஒரு நிமிடத்துக்குள் செலவிட்டுவிடுகிறார். ஆனால், டிரம்மில் இருந்து மொண்டு சிக்கனமாகக் கழுவிப் பழகிய வீட்டில் வேறுபாடு அவ்வளவு பெரிதாக இராது. அங்கே மிச்சமாவது தேய்க்கும் நேரமும் கைவலியும்தான். அதற்கு ஈடாக, ஒவ்வொரு சுற்றுக்கும் ஐந்து கிலோ நீரைத் தூக்கி ஊற்றவும், ஏறத்தாழ அதே எடையைத் தூக்கிக் கொட்டவும் வேண்டியிருக்கும். மூட்டுவலி உள்ள முதியவர் தனியாக வசிக்கும் வீட்டுக்கு வாங்குவோர் முதலில் எண்ணிப் பார்க்க வேண்டியது இதையே.

இடத்தின் எல்லையும் உண்டு. தட்டுகள், டம்ளர்கள், கிண்ணங்கள், கரண்டிகள் என இரண்டு அல்லது மூன்று பேர் உணவருந்திய பாத்திரங்கள் இதில் அடங்கும். பிரஷர் குக்கரும் பெரிய வாணலியும் அடங்காது. அடங்கினாலும் தெளிப்புக் கையின் நீரை மறைத்துவிடும். அலுமினியம் கறுக்கும், இரும்புச் சட்டி துருப்பிடிக்கும், பித்தளை பொலிவிழக்கும். கடையில் விலை கேட்பதற்கு முன்பு, வீட்டில் உள்ள பெரிய சாப்பாட்டுத் தட்டின் விட்டத்தை அளந்து சென்று, அது உள்ளே நிற்கிறதா, கதவு மூடுகிறதா எனப் பார்த்துவிடுவது நல்லது.

அளக்க வேண்டியவை இன்னும் இரண்டு உள்ளன. ஒன்று, மேடையில் இருந்து வாளி வைக்கும் இடத்துக்கோ மோரிக்கோ உள்ள தூரம்; இயந்திரத்துடன் வரும் கழிவுநீர்க் குழாய் அதை எட்ட வேண்டும். மற்றொன்று, நில இணைப்புடன் கூடிய மின்செருகி எங்கே இருக்கிறது என்பது. நீட்டிப்பு வயரின் துணையின்றி அது எட்ட வேண்டும். குழாய் நழுவினாலும் நீர் தெறிக்காத இடத்தில் இருக்க வேண்டும்.